பக்கத்தை எண்ணாதீங்க, மணிக்கணக்கைப் பாருங்க: ஒரு வருஷத்துக்கான புத்தகப் பட்டியல்

போன எபிசோட்ல எங்க வாசிப்புக் குழுவைப் பத்தி போகிற போக்குல ஒரு வரி சொல்லியிருந்தேன். அதுக்கு வந்த கேள்வியெல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்துச்சு: "நாங்களும் ஆரம்பிச்சோம், நாலாவது மாசம் நின்னு போச்சு. நீங்க எப்படி ஓட்டுறீங்க?"

உண்மையைச் சொல்லணும்னா, எங்களோடதும் நாலாவது மாசம் நின்னுதான் போச்சு. இன்னைக்கு அந்தக் கதையையும், அடுத்த வருஷத்துக்கு நாங்க எப்படிப் பட்டியல் போட்டோம்ங்கிறதையும் சொல்றேன்.

நாங்க எட்டு பேர். சென்னையில வேற வேற மூலையில இருக்கோம். மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருத்தர் வீட்டு மொட்டை மாடி. மாசத்துக்கு ஒரு புத்தகம். இவ்வளவுதான் விதி.

முதல் வருஷப் பட்டியலை ஒரே ராத்திரியில வாட்ஸ்அப்ல போட்டோம். ஆளாளுக்கு ஒரு பேரு சொன்னாங்க, அதிகமா கட்டைவிரல் விழுந்த பன்னிரண்டை எடுத்துக்கிட்டோம். ஜனவரிக்கு அசோகமித்திரனோட 'தண்ணீர்'. எட்டு பேரும் வந்தாங்க, பேச்சு அருமையாப் போச்சு. பிப்ரவரிக்கு சுந்தர ராமசாமியோட 'ஜே.ஜே: சில குறிப்புகள்'. அதைச் சொன்னது நான்தான். "இருநூறு பக்கத்தைச் சுத்திதான்பா, ஈஸி"ன்னு சொன்னேன். ஏழு பேர் வந்தாங்க, முடிச்சிருந்தது ரெண்டு பேர். மார்ச்ல 'விஷ்ணுபுரம்', எண்ணூறு பக்கத்துக்கு மேல. நாலு பேர் வந்தோம். ஏப்ரல்ல மூணு பேர். மே மாசம் யாரும் கூப்பிடவே இல்ல.

என்ன காரணம்னு கேட்டா எல்லாருக்கும் ஒரே பதில்: "ஆபீஸ்ல ரிலீஸ்", "டைம் கிடைக்கல". நானும் அதையேதான் நம்பினேன். ரெண்டு மாசம் கழிச்சு எங்க குழுவுல இருந்த ஒரு தோழியை டீக்கடையில பார்த்தேன். அவ பள்ளிக்கூடத்துல ரெண்டாம் மொழியா பிரெஞ்சு எடுத்தவ. தமிழ் நல்லாப் பேசுவா, ஆனா படிக்கிறது எழுத்துக் கூட்டித்தான். அவ சொன்னா: "நேரம் இல்லாம இல்லடா. ஜே.ஜே-யில ஒரு மணி நேரத்துக்குப் பதினஞ்சு பக்கம்தான் ஓடுச்சு. அதை உங்க ஏழு பேர் முன்னாடி சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் வேலைன்னு சொல்லிட்டேன்."

அந்தப் பதினஞ்சு பக்கம்ங்கிற எண்ணுதான் எங்க அடுத்த பட்டியலுக்கு ஆரம்பம்.

பத்துப் பக்கச் சோதனை

நாங்க பண்ண தப்பு, பக்கத்தை அளவா வெச்சுக்கிட்டது. பக்கம் நீளத்தைத்தான் சொல்லும், கஷ்டத்தைச் சொல்லாது. தி. ஜானகிராமனோட 'மோகமுள்' அறுநூறு பக்கத்துக்கு மேல இருக்கு, ஆனா உரையாடல் உரையாடலாப் போற நாவல், கை தானாப் பக்கத்தைப் புரட்டும். 'ஜே.ஜே' அதுல மூணுல ஒரு பங்குதான். ஆனா அது ஜோசஃப் ஜேம்ஸ்ங்கிற கற்பனையான மலையாள எழுத்தாளரைப் பத்தி, பாலுங்கிற தமிழ் எழுத்தாளர் எழுதுற குறிப்புகள், அப்புறம் ஜே.ஜே-யோட டைரின்னு போகும். கதைன்னு பிடிச்சுக்க ஒரு கயிறு கிடையாது. ஒவ்வொரு வரியும் நின்னு யோசிக்கச் சொல்லும்.

அதனால அந்த வருஷ நவம்பர்ல எட்டு பேரையும் மறுபடி கூப்பிட்டு ஒரு சோதனை வெச்சோம். ஒரு புத்தகத்துல ஆரம்பத்துல அஞ்சு பக்கம், நடுவுல அஞ்சு பக்கம். அதை வீட்டுல உட்கார்ந்து, போன்ல ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டுப் படிக்கணும். நடுவுல அஞ்சு எதுக்குன்னா, முதல் அத்தியாயம் பல புத்தகத்துல பொய் சொல்லும். சிலது ஆரம்பத்துல முரண்டு பிடிச்சுட்டு அப்புறம் ஓடும், சிலது நேர்மாறா.

எத்தனை நிமிஷம் ஆச்சுங்கிறதைப் பேர் போடாம ஒரு ஃபார்ம்ல நிரப்பணும். இந்தப் பேர் போடாததுதான் முக்கியம். பேர் கேட்டிருந்தா எல்லாரும் ஒரு அஞ்சு நிமிஷத்தைக் குறைச்சுத்தான் போட்டிருப்பாங்க, நானும் சேர்த்து.

'மோகமுள்' பத்துப் பக்கத்துக்கு வேகமானவருக்கு 12 நிமிஷம், மெதுவானவருக்கு 25. 'ஜே.ஜே'க்கு வேகமானவருக்கு 18, மெதுவானவருக்கு 40. கூடவே இன்னொரு கேள்வி: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் நிஜமா படிப்பீங்க? வந்ததுலயே சின்ன பதில் மூணு மணி நேரம். மாசத்துல ஒரு வாரம் எப்படியும் காய்ச்சல், கல்யாணம், ஊர்னு போயிடும். மூணு வாரம்னு வெச்சா, மாசத்துக்கு ஒன்பது மணி நேரம், அதாவது 540 நிமிஷம்.

இப்ப கணக்குப் போடுங்க. 'ஜே.ஜே'க்கு எங்க எட்டு பேர் சராசரி பத்துப் பக்கத்துக்கு 24 நிமிஷம். இருநூறு பக்கம்னா 480 நிமிஷம், எட்டு மணி நேரம். ஒன்பதுக்குள்ள அடங்கிடுச்சு, ஒரே மாசத்துல முடிக்கலாம்னு தோணும். ஆனா மெதுவானவருக்கு 800 நிமிஷம், பதிமூணு மணி நேரத்துக்கு மேல. அவங்களுக்கு அது ஒன்றரை மாசப் புத்தகம். முதல் வருஷம் அதை ஒரே மாசத்துல திணிச்சு, ஒருத்தரை வெளியே அனுப்பிட்டோம்.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். ஒரு சர்வீஸோட சராசரி ரெஸ்பான்ஸ் டைம் நல்லா இருக்கும், ஆனா கம்ப்ளெயின்ட் வந்துக்கிட்டே இருக்கும். ஏன்னா கம்ப்ளெயின்ட் பண்றவங்க சராசரியில இல்ல, கடைசியில இருக்காங்க. ஆபீஸ்ல தினமும் பார்க்கிற விஷயம், மொட்டை மாடியில எனக்குத் தோணவே இல்ல.

அதனால முதல் விதி: ஒவ்வொரு மாசமும் மெதுவானவரோட ஒன்பது மணி நேரத்துக்குள்ள அடங்கணும். அடங்கலைன்னா புத்தகத்தைத் தள்ள வேண்டாம், அதுக்கு ரெண்டு மாச இடம் கொடுக்கணும். 'மோகமுள்' மாதிரி சரளமான நடைன்னா அந்த ஒன்பது மணி நேரத்துல சுமார் 215 பக்கம் போகும். அதுதான் எங்க சாதாரண மாசத்தோட உச்சவரம்பு.

ஓட்டு வேண்டாம், ஆளுக்கொரு இடம்

ரெண்டாவது பிரச்சினை, ஓட்டு. எல்லாரும் ஓட்டுப் போட்டா ஏற்கனவே எல்லாரும் பேரு கேள்விப்பட்ட புத்தகம்தான் ஜெயிக்கும். முதல் வருஷப் பட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்த்தப்ப, பன்னிரண்டுல பதினொண்ணு நாவல். எழுதினதுல பெண் ஒருத்தர்தான். மொழிபெயர்ப்பு பூஜ்யம். யாரும் திட்டம் போட்டு அப்படிப் பண்ணல, ஓட்டு அப்படித்தான் கொண்டு போய் நிறுத்தும்.

அதுக்குப் பதிலா எட்டு பேருக்கும் ஆளுக்கொரு மாசம் கொடுத்தோம். அந்த மாசப் புத்தகம் அவங்க இஷ்டம், அன்னைக்குப் பேச்சை நடத்துறதும் அவங்கதான். மத்தவங்களுக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு மறுப்பு. அதையும் காரணம் சொல்லித்தான் பயன்படுத்தணும். எட்டு மாசம் இப்படி நிரம்பிடும். மிச்சம் நாலு. அதுல ரெண்டு, எல்லாரும் சேர்ந்து ஓட்டுப் போட்டு எடுக்கிற ஒரு பெரிய புத்தகத்துக்கு. ஒண்ணு, நாடகத்துக்கு. ஒண்ணு, காலி.

வகை வேணும்னு சொல்றப்போ ஒரு ஆபத்து இருக்கு. ஆண், பெண், கிராமம், நகரம்னு டிக் அடிச்சுக்கிட்டே போவோம், பட்டியலும் பார்க்க அழகா இருக்கும். ஆனா மாசா மாசம் ஒரே பேச்சைப் பேசிக்கிட்டு இருப்போம். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி வெச்சோம். புத்தகத்தைச் சொல்றவங்க, அன்னைக்குப் பேசப்போற ஒரு கேள்வியையும் சேர்த்து எழுதணும். ரெண்டு புத்தகத்துக்கு ஒரே கேள்வி வந்தா, அதுல ஒண்ணு அடுத்த வருஷத்துக்குப் போகும். வேளச்சேரி அக்கா இமையத்தோட 'செல்லாத பணம்' சொன்னாங்க. இன்னொருத்தர் சொன்னது முழுக்க வேற ஊர், வேற காலத்து நாவல். ஆனா ரெண்டுக்கும் எழுதியிருந்த கேள்வி, "மகளோட முடிவை அப்பா ஏன் ஏத்துக்கல?" ரெண்டு பேரும் பேசி, 'செல்லாத பணம்' நின்னுச்சு. மத்தவர் சி.சு. செல்லப்பாவோட 'வாடிவாச'லுக்கு மாறிக்கிட்டார்.

எதுக்கு அப்புறம் எது

புத்தகம் முடிவாயிடுச்சு, இனி வரிசை. பட்டியல் ஜெயிக்கிறதும் தோக்கிறதும் இங்கதான்.

கஷ்டம்னு பொதுவாச் சொல்றோமே, அது மூணு வகை. ஒண்ணு மொழி: வட்டார வழக்கு, பழைய நடை. ரெண்டாவது அமைப்பு: கதை நேராப் போகாதது, நிறைய பாத்திரங்கள். மூணாவது மனசுக்குப் பாரமானது. 'செல்லாத பணம்' மொழியிலயும் அமைப்புலயும் ஒரு தொல்லையும் தராது. ஆனா தீக்காயத்தோட ஆஸ்பத்திரியில கிடக்கிற ஒரு பொண்ணு, வெளியில காத்திருக்கிற குடும்பம். அதை ராத்திரி பத்து மணிக்குப் படிச்சுட்டுத் தூங்க முடியாது. எங்க விதி: ஒரே வகைக் கஷ்டம் அடுத்தடுத்த ரெண்டு மாசத்துல வரக்கூடாது. பெரிய புத்தகம் முடிஞ்ச அடுத்த மாசம், இருக்கிறதுலயே சின்னது.

கடைசியில வந்த பட்டியல் இது. ஜனவரி 'வாடிவாசல்', நூறு பக்கம்கூட வராது. பிப்ரவரி பூமணியோட 'வெக்கை'. மார்ச் சுஜாதாவோட 'என் இனிய இயந்திரா'. ஏப்ரல் 'மோகமுள்' முதல் பாதி. மே இந்திரா பார்த்தசாரதியோட 'ஔரங்கசீப்' நாடகம். ஜூன் 'மோகமுள்' மீதி. ஜூலை பஷீரோட 'பால்யகால சகி', குளச்சல் மு. யூசுஃப் மொழிபெயர்ப்பு. ஆகஸ்ட் 'செல்லாத பணம்'. செப்டம்பர் ஆ. இரா. வேங்கடாசலபதியோட கட்டுரைத் தொகுப்பு 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. அக்டோபர் காலி. நவம்பர் மறுபடியும் 'ஜே.ஜே', என்னோட இடத்துல. டிசம்பர் அம்பையோட 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை', அதுல நாலு கதை மட்டும்.

இதுல ரெண்டு இடத்தைக் கவனிங்க. 'மோகமுள்' மெதுவானவருக்கு எவ்வளவு ஆகும்? அறுநூத்தம்பது பக்கம்னு வெச்சா, பத்துப் பக்கத்துக்கு 25 நிமிஷம், மொத்தம் 27 மணி நேரம். மாசத்துக்கு ஒன்பதுன்னா சரியா மூணு மாசம். நாங்க கொடுத்தது ரெண்டு மாசம்தான். அதனாலதான் நடுவுல நாடகத்தைச் செருகினோம். நாடகத்தை வீட்டுல படிக்க வேண்டியதில்ல. மாடியில ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, சத்தமாப் படிச்சா ஒரே சாயங்காலத்துல முடிஞ்சிடும். ஆக மே மாசத்து ஒன்பது மணி நேரமும் 'மோகமுள்'ளுக்கே. வெயில், லீவு, கல்யாணம்னு ஆள் குறையிற மாசமும் அதுதான், ரெண்டு பாத்திரத்தை ஒருத்தரே படிச்சாலும் ஓடும்.

அடுத்தது அக்டோபர். காலி மாசத்தைப் பொதுவா விட்டுப்போனதை எடுத்துப் படிக்கன்னு கடைசியில வைப்பாங்க. நாங்க இருக்கிறதுலயே கஷ்டமான புத்தகத்துக்கு முன்னாடி வெச்சோம். 'ஜே.ஜே'க்கு வேண்டிய பதிமூணு சொச்சம் மணி நேரம், ரெண்டு மாசத்துப் பதினெட்டுக்குள்ள தாராளமா அடங்கும்.

பட்டியல் டிசம்பர் மூணாவது வாரமே முடியணும்னு ஒரு கெடு வெச்சோம். காரணம் புத்தகக் காட்சி. ஜனவரியில பொங்கலை ஒட்டி நடக்கிறப்போ ஸ்டால்ல பத்து சதவீதம் கழிவு கிடைக்கும், எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்கிடலாம். அதோட, எது அச்சுல இல்லன்னு அப்பவே தெரிஞ்சிடும். ஆகஸ்ட்ல போய்த் தேடினா, எட்டு பேருக்கு மூணு பிரதிதான் கிடைக்கும்.

எங்க சறுக்குச்சு

எல்லாம் சரியா நடக்கல. 'வெக்கை'யில ஏமாந்தோம். 'அசுரன்' படம் பார்த்திருக்கோமே, கதை தெரியுமேன்னு அதுக்குச் சோதனையே வைக்கல. கரிசல் வழக்கு சென்னைப் பசங்களை இருபதாவது பக்கத்துலயே நிறுத்திடுச்சு. அதைச் சொன்ன கோவில்பட்டி அண்ணனுக்கு நாங்க திணர்றதே புரியல, அவருக்கு அது வீட்டுப் பேச்சு. கஷ்டம்ங்கிறது புத்தகத்துல மட்டும் இல்ல, யார் கையில இருக்குங்கிறதுலயும் இருக்குன்னு அப்பதான் உறைச்சுச்சு. அவர் மாசத்துக்கு நடுவுல முதல் பத்துப் பக்கத்தைத் தன் குரல்ல படிச்சு வாய்ஸ் நோட் அனுப்பினார். காதுல விழுந்ததுக்கு அப்புறம் கண்ணு தானா ஓடுச்சு. இப்ப வட்டார வழக்குல இருக்கிற எந்தப் புத்தகத்துக்கும், அந்த ஊர்க்காரர் யாராவது முந்தின கூட்டத்துலயே முதல் பத்துப் பக்கத்தை வாசிச்சுக் காட்டுறது வழக்கமாயிடுச்சு. குழுவுல அப்படி ஆள் இல்லைன்னா, அந்தப் புத்தகத்துக்குக் கூட ஒரு வாரம் வேணும்னு கணக்கு வெச்சுக்கிறோம்.

இன்னொண்ணு, வேகமாப் படிக்கிறவங்க. 'பால்யகால சகி'யை ஒரே நாள்ல முடிச்சுட்டு, மாசம் பூரா சும்மா இருந்தேன்னு ஒருத்தர் அலுத்துக்கிட்டார். நியாயம்தான். மெதுவானவரை அளவா வெச்சா, இந்தப் பக்கம் ஒரு விலை கொடுக்கணும். எங்களால முடிஞ்சது, சின்ன மாசத்துக்கெல்லாம் விருப்பம் இருக்கிறவங்களுக்கு இன்னொரு புத்தகம் சேர்த்துச் சொல்றது. பஷீருக்குத் துணையா தகழியோட 'தோட்டியின் மகன்', சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பு. ஆனா கூட்டத்துல அதைப் பத்தி அஞ்சு நிமிஷத்துக்கு மேல பேசக்கூடாது. இல்லைன்னா அது மறுபடியும் ரெண்டு வகுப்பு ஆயிடும்.

கோவில்பட்டி அண்ணனுக்கும் ஒரு வருத்தம். பெரிய புத்தகத்துக்கு அவர் ஜோ டி குரூஸோட 'ஆழிசூழ் உலகு'க்கு நின்னார். ஐநூறு பக்கத்துக்கு மேல, கடற்கரை வழக்கு வேற. ஒரு வருஷத்துக்குள்ள ஒரு பெரிய புத்தகத்துக்குத்தான் இடம்னு ஓட்டுல தோத்துட்டார். தோத்த பெரிய புத்தகம் அடுத்த வருஷம் ஓட்டே இல்லாம உள்ள வரும்னு முடிவு பண்ணோம். இப்ப அதைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கோம்.

நவம்பர் கூட்டத்தைச் சொல்லி முடிச்சுடறேன். அதே 'ஜே.ஜே', அதே எட்டு பேர். முதல் வருஷம் ரெண்டு பேர் முடிச்ச புத்தகத்தை இந்தத் தடவை ஆறு பேர் முடிச்சிருந்தாங்க. புத்தகம் மாறல, நாங்களும் ஒண்ணும் அறிவாளி ஆயிடல. காலண்டர்ல அது இருந்த இடம்தான் மாறுச்சு.

என் தோழி முடிக்கல. பேச்சு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா: "எனக்கு இன்னும் முப்பது பக்கம் பாக்கி. முடிவைச் சொல்லிடாதீங்க." 'ஜே.ஜே'யில சொல்லிக் கெடுக்கிற மாதிரி முடிவுன்னு ஒண்ணு இல்லைன்னு நாங்க சிரிச்சோம், அவளும் சிரிச்சா. முதல் வருஷம் இதே விஷயத்தைத்தான் அவளால சொல்ல முடியாமப் போச்சு. டிசம்பர் மாசம் அவளோடது. அம்பையோட நாலு கதையை அவதான் தேர்ந்தெடுத்தா, பேச்சையும் அவதான் நடத்தினா. ஒரு பத்தியை எல்லாருக்கும் முன்னாடி சத்தமாப் படிச்சா. ரெண்டு வார்த்தையில தடுக்கினா, திரும்பிப் படிச்சா, மேல போனா.

உங்க குழுவுல பட்டியல் போடுறதா இருந்தா, முதல் வேலையா அந்தப் பேர் போடாத பத்துப் பக்கச் சோதனையை வையுங்க. அதுல வர்ற பெரிய எண்ணு யாரோடதுன்னு தேடாதீங்க. அந்த எண்ணுக்குப் பட்டியலைப் போடுங்க.